மருதாணி மங்காத மூன்று மாதம்

அம்பத்தூரில் ஒரு ஃபோட்டோ ஸ்டுடியோவில் பதினாறு வருடமாக ஆல்பம் டிசைன் செய்கிறேன். டிசைன் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கல்யாணப் படங்களை வரிசைப்படுத்துவது, பின்னால் கொட்டாவி விடும் சித்தப்பாவை வெட்டுவது, பெண்ணின் தாடைக்குக் கீழே தொங்கும் சதையை மௌஸால் உள்ளே தள்ளுவது. யாரும் கேட்க மாட்டார்கள், நாங்களே செய்துவிடுவோம். செய்யாமல் விட்டால்தான் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருவார்கள்.

போன ஆடி மாதம் ஒரு பெண்மணி வந்தாள். பக்கத்து நகரில் எடை குறைக்கும் சென்டர் ஆரம்பித்திருக்கிறாளாம். காலையில் பொடி கரைத்த ஒரு ஷேக், ராத்திரி ஒரு ஷேக், மத்தியானம் மட்டும் கொஞ்சம் சாப்பாடு. போஸ்டருக்கு ‘முன்பு, பின்பு’ படம் வேண்டும் என்றாள். படத்துக்கு நிற்கத் தன் நாத்தனாரையும் கூட்டி வந்திருந்தாள். முந்தின நாள் ஏதோ வளைகாப்புக்குப் போய்விட்டு வந்த களைப்பு அந்தப் பெண்ணின் முகத்தில் தெரிந்தது.

“முன்பு படம் எப்ப எடுத்தீங்க, கொண்டாந்தீங்களா?” என்று கேட்டேன்.

“ரெண்டும் இன்னிக்கே எடுத்துரலாம்மா” என்றாள்.

முதலாளி என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நானும் பேசாமல் ரிஃப்ளெக்டரைத் தூக்கிக்கொண்டு போனேன்.

‘பின்பு’ படத்தைத்தான் முதலில் எடுத்தோம். அந்தப் பெண் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கருப்புச் சுடிதார், அளவெடுத்துத் தைத்தது. உடம்பைச் சற்றுத் திருப்பி, ஒரு காலை முன்னால் வைத்து, கையை இடுப்பில் ஊன்றச் சொன்னோம். கைக்கும் இடுப்புக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் போதும், இடுப்பு இருப்பதாகக் கண் நம்பிவிடும். மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே பிடிக்கச் சொன்னோம். பக்கவாட்டு விளக்கு, உதட்டுச் சாயம், சிரிப்பு எல்லாம் உண்டு.

அப்புறம் பிரியாணியும் சோடாவும் வாங்கிக் கொடுத்தோம். மூன்று மணிக்கு ‘முன்பு’ எடுத்தோம். இறுக்கமான வெளிர் டீ சர்ட், வயிற்றை நடுவில் பிதுக்குகிற எலாஸ்டிக் பேன்ட். நேராக நிற்க வைத்து, தோளைத் தொங்கவிடச் சொல்லி, எண்ணெய் வழியத் தலை வாரி, கேமராவைக் கிட்டத்தில் தாழ்த்தி வைத்தோம். வெறும் ட்யூப் லைட். சிரிக்காதே என்று சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை, சாப்பிட்ட சாப்பாட்டுக்குத் தூக்கம் வந்துவிட்டது அவளுக்கு.

மிச்சத்தை நான் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டேன். ‘மூன்றே மாதத்தில் பதினெட்டு கிலோ’ என்று மஞ்சளில் பெரிதாகப் போட்டேன். ‘பலன்கள் நபருக்கு நபர் மாறுபடும்’ என்ற வரியை வெளிர் நிறத்தின் மேல் வெளிர் சாம்பலில், எறும்பு அளவுக்கு வைக்கச் சொன்னாள். வைத்தேன். நல்ல வேலை என்று முதலாளி பாராட்டியபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

இரண்டு மாதம் கழித்து என் அக்கா ஃபோன் செய்தாள். அவள் திருநின்றவூரில் இருக்கிறாள். வரும் தை மாதம் அவள் மகனுக்குக் கல்யாணம்.

“ஏய், நான் இளைக்கப் போறேன்டி. இங்க ஒரு சென்டர் தொறந்துகீறாங்க. போஸ்டரு பாத்தியா, அந்தப் பொம்பள எப்டி இருந்தவ எப்டி ஆய்ட்டா!”

வாட்ஸ்அப்பில் படத்தையும் அனுப்பினாள். மஞ்சள் எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, நான் செய்த போஸ்டர். அதே சென்டரின் கிளை.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாடிக்கையாளர் படத்தைப் பற்றி வெளியே பேசினால் முதலாளி வேலையை விட்டுத் தூக்கிவிடுவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம்தான். பொடிதானே, கரைத்துக் குடித்தால் என்ன ஆகிவிடப் போகிறது என்றும் நினைத்தேன்.

அதிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு அக்காவிடமிருந்து எடை வரும். முதல் வாரம் இரண்டரை கிலோ இறங்கியது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாவது வாரம் அரை கிலோ. அப்புறம் முள் அசையவே இல்லை. “நீங்க ஒழுங்கா ஃபாலோ பண்ணல” என்று சென்டர்காரி எல்லார் முன்னாலும் சொன்னாளாம். அன்றைக்கு அக்கா மத்தியானச் சாப்பாட்டையும் பாதியாக்கிவிட்டாள். ஒவ்வொரு நாளும் அந்த எண்ணைப் பார்க்கும்போது இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். சொல்லாமலே ஸ்டுடியோவுக்குக் கிளம்புவேன். அக்காவுக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை உண்டு, மாத்திரை சாப்பிடுகிறாள் என்பது என் புத்தியில் ஓர் ஓரத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை எடை வரவில்லை. எட்டு மணிக்கு நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். ஐந்தாவது தடவை எடுத்தாள்.

“கை நடுங்குதுடி… வேத்து ஊத்துது… கண்ணு ஒரு மாதிரியா கீது…”

“சாப்ட்டியா?”

“மாத்தர போட்டேன்… ஷேக்கு… குடிச்சனா?” என்று என்னையே கேட்டாள். அப்புறம் ஃபோன் கீழே விழுந்த சத்தம்.

மாமா வேலைக்குப் போய்விட்டார். அவரை ஃபோனில் பிடித்தேன். அவர் கீழ் வீட்டில் குடியிருக்கும் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். நான் ஸ்டேஷனுக்கு ஓடி ரயில் ஏறினேன். ஆவடியில் வண்டி கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றது. இறங்கித் தள்ளலாமா என்று பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. அந்தப் போஸ்டரை நான் செய்யாமல் இருந்தால் வேறு எவனாவது செய்திருப்பான் என்று மனசு ஒரு பக்கம் வக்கீல் வைத்து வாதாடியது. அக்கா செத்துப்போனால் என்ற நினைப்பு வந்ததும் வக்கீல் வாயை மூடிக்கொண்டான்.

நான் போனபோது அக்கா கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஜாக்கெட் முழுக்க நனைந்திருந்தது, ஆனால் என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. கீழ் வீட்டு அம்மாவின் வீட்டுக்காரருக்கும் சர்க்கரை. அதனால் பார்த்த மாத்திரத்தில் அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. “முழுங்கற அளவுக்கு நெனவு இருந்துச்சும்மா. நாலு ஸ்பூன் சக்கரய கரச்சிக் குடுத்து, அப்பால ரெண்டு இட்லி சாப்ட வச்சேன்” என்றார். அவர் காலில் விழாத குறை எனக்கு.

ஆட்டோ பிடித்து அக்கா வழக்கமாகப் போகும் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். டாக்டரம்மா சர்க்கரையைப் பார்த்துவிட்டு, மாத்திரைச் சீட்டைப் பார்த்துவிட்டு, கோபத்தை அடக்கிக்கொண்டு பேசினார்.

“நீங்க சோறு சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் இந்த மாத்திரை சர்க்கரையைக் குறைச்சிடும். சாப்பாட்டைப் பாதியாக்கிட்டு மாத்திரையை மட்டும் முழுசாப் போட்டா இப்படித்தான் ஆகும். அதுக்காக மாத்திரையை நீங்களா நிறுத்தவும் கூடாது. டயட் மாத்தறதுன்னா முதல்ல என்கிட்ட வாங்க. நான் டோஸைப் பாத்து மாத்தித் தரேன். அந்த சென்டர்ல உங்களுக்கு என்ன வியாதி, என்ன மாத்திரைன்னு கேட்டாங்களா?”

“கேக்கல டாக்டர். ஃபோட்டோதான் எட்த்தாங்க.”

“முதல் வாரம் இறங்கினதுல பெரும்பாலும் தண்ணி. எத்தனை பேர் சேந்தீங்க அங்க?”

“ஒரு நாப்பது பேரு இருப்போம்.”

“சுவத்துல எத்தனை பேர் படம் இருக்கு?”

“ஆறு.”

“மிச்சம் முப்பத்திநாலு பேர் என்ன ஆனாங்கன்னு கேட்டீங்களா?”

அக்கா மாத்திரைச் சீட்டை வாங்கி மடித்தாள். எனக்குத்தான் முகம் எரிந்தது.

வீட்டுக்கு வந்து, அவள் ரசம் சாதம் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்து, சொல்லிவிட்டேன். அந்தப் போஸ்டரை நான்தான் செய்தேன், இரண்டு படமும் ஒரே நாளில் எடுத்தவை என்றேன். அக்கா நம்பவில்லை.

“சும்மா உடாதடி. நான் இளைக்கறது உனுக்குப் பொறுக்கல.”

ஃபோனில் போஸ்டரைத் திறந்து, இரண்டு படத்திலும் கையைப் பெரிதாக்கிக் காட்டினேன். இரண்டிலும் ஒரே மருதாணி. வளைகாப்புக்கு வைத்தது. அதே வட்டம், அதே சிவப்பு, சுண்டுவிரலில் கொஞ்சம் கலைந்துபோனது உட்பட. உடம்பையெல்லாம் திருத்திய நான் கையை மறந்திருந்தேன்.

“எந்த மருதாணி மூணு மாசம் மங்காம கீது, அக்கா?”

அவள் ஃபோனைக் கண்ணருகே வைத்து நெடுநேரம் பார்த்தாள். அப்போதும் முழுசாக நம்பிய மாதிரி தெரியவில்லை. சரி என்று அவளையே எழுப்பி நிற்க வைத்தேன். நைட்டியோடு, நேராக, தோளைத் தொங்கவிட்டு, தாழ்ந்த கோணத்தில் ஒன்று எடுத்தேன். கருநீலப் புடவை கட்டச் சொல்லி, ஜன்னலோரம் திருப்பி நிறுத்தி, கையை இடுப்பில் வைக்கச் சொல்லி இன்னொன்று. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுத்தேன்.

“இனிமே எவ படம் காட்டினாலும் மொதல்ல வெளிச்சத்தப் பாரு, நிக்கறதப் பாரு, துணியப் பாரு. எப்ப எட்த்ததுன்னு கேளு. அவ வேற இன்னா செஞ்சா, அந்த எட ஒரு வருசம் கழிச்சும் அப்டியே கீதான்னு கேளு. பதில் வரலன்னா எழுந்து வந்துரு” என்றேன். வாத்தியாரம்மா மாதிரி பேசுகிறேனே என்று எனக்கே அருவருப்பாக இருந்தது.

அக்கா படத்தைப் பார்த்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள்.

“அப்போ அவளும் இளைக்கலியாடி? நான் மட்டுந்தான் பட்னி கெடந்தேனா?”

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, யார் அவளை இப்படி ஆட்டி வைத்தது, அந்தச் சென்டர்காரியைச் சும்மா விடக்கூடாது என்று ஏதேதோ திட்டினேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு அக்கா என்னை நிறுத்தினாள்.

“அவள ஏன் திட்ற? போஸ்டரு அப்பறந்தான் பாத்தேன். போன வருசம் நம்ப அண்ணன் பொண்ணு கல்யாணத்து ஆல்பம் வந்துச்சே, அதுல என் கைய நீ சின்னதாக்கி வச்சிருந்த. அன்னிக்கே பாத்துட்டேன். பூ போட்ட ஜாக்கெட்டு, அந்தப் பூவெல்லாம் கோணிகினு இருந்துச்சு. கூடப் பொறந்தவளுக்கே என்னப் பாக்க சகிக்கலன்னா, ஊரு எப்டிப் பாக்கும்னு நெனச்சேன்.”

எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டு நிமிட வேலை. ஆசையாகத்தான் செய்தேன், அக்கா பார்த்துச் சந்தோஷப்படுவாள் என்று.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என் புள்ள கல்யாணத்துல என்ன அப்டியே உட்று, என்னா?”