மேளத்துக்கு எழும்பிய கால்

பிப்ரவரி ஒன்பதாம் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் வெள்ளைக் குதிரை முன்னங்காலால் கொட்டகைத் தரையைப் பிறாண்டத் தொடங்கியது. கல்யாண ஊர்வலங்களுக்கு அவளைக் கொண்டு செல்வது அப்பாவின் தொழில். மேளம் கேட்டால் காலுயர்த்தி ஆடப் பழக்கியவரும் அவரே. மூலக்கொத்தளம் இடுகாட்டுக்குப் போகும் வழியில் எங்கள் தெரு இருக்கிறது. அன்று பக்கத்தில் ஒரு சாவு, மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“பாரேன், சாவு மோளத்துக்கே ஆடிக்கினு கீது,” என்றார் அப்பா. நானும் சிரித்தேன்.

மேளக்காரர்கள் டீக்கு ஓய்ந்தபோதும் கால் ஓயவில்லை. அவள் திரும்பி வயிற்றைப் பார்த்தாள். பிறகு படுத்துப் புரண்டாள். “ஐயோ, வயித்து வலி!” என்று அப்பா மருத்துவருக்குப் போன் செய்தார்.

கால்நடை மருத்துவர் வந்து மூக்கு வழியே குழாய் செலுத்தினார். வயிற்றிலிருந்து எதுவும் எதுக்களித்து வரவில்லை. ஆசனவாய் வழியே கைவிட்டுப் பார்த்து, பெருங்குடலில் சாணம் இறுகியிருப்பதாகச் சொன்னார். குழாயிலேயே நீரும் எண்ணெயும் செலுத்தி, வலிக்கு ஊசி போட்டார்.

“தீனி கூடாது. இன்னொரு ஊசி நீங்களா போடாதீங்க, வலி மறைஞ்சு, நிலைமை மோசமானாலும் தெரியாமப் போயிடும். ஊசியை மீறி வலி திரும்பினாலோ, நாடி நிமிஷத்துக்கு அறுபதைத் தாண்டினாலோ உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏத்துங்க. குடல் திருகியிருந்தா ஆபரேஷன்தான். அதுக்குத் தாமதமானா பிழைக்காது.” தாடையின் அடியில் நாடி பார்க்கவும் எனக்குக் காட்டிக்கொடுத்தார். அப்போது நாற்பத்தெட்டு.

அவள் அமைதியானாள். மாலையில் பிணத்தை எடுத்தார்கள். மேளம் எங்கள் வாசலுக்கு வந்ததும் அவளுடைய கால் எழும்பியது.

“வலி வந்துச்சு! வண்டிய கூப்டு!” அப்பா அலறினார். தெருமுனை மினி லாரிக்காரர் குதிரையை ஏற்றும் பலகையோடு வந்து நின்றார்.

“இன்னா நைனா, ஏத்தலாமா வாணாமா? சவாரி வுட்டுட்டு வந்துகிறேன்.”

“ஏத்துடா! மதியானம் சிரிச்சிக்கினு நின்னுட்டேன். மறுபடியும் ஏமாற மாட்டேன்.”

காலைக் கவனித்தேன். உயர்ந்து, மடங்கி, தாளத்தில் இறங்கியது, தரையைப் பிறாண்டவில்லை. ஆனால் என் கண்ணை நம்ப எனக்கும் துணிவில்லை. தாடையின் அடியில் விரல் வைத்தேன். மேளத்தின் அதிர்வில் எண்ணிக்கை இருமுறை தவறியது. மூன்றாம் முறை: நாற்பத்து நான்கு. மருத்துவருக்குப் போன் செய்தேன்.

“மேளம் போகட்டும். திரும்ப எண்ணுங்க. அதுவரைக்கும் லாரி நிக்கட்டும்.”

ஊர்வலம் முனை திரும்பியது. கால் நின்றது. வயிற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்பத்திரண்டு.

“நாடி எறங்கிக்கினுதாம்பா கீது,” என்றேன். அப்பா லாரியை அனுப்பவிடவில்லை. அதன் படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலை கொட்டகையில் எண்ணெய் மினுங்கும் சாணம் கிடந்தது. எண்ணெய் வந்தால் மட்டும் அடைப்பு நீங்கிவிட்டதாகாது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். சாணத்தை ஒரு பக்கெட்டில் அள்ளி அவர் பார்ப்பதற்கு வைத்தேன். கைகழுவிவிட்டு, மீண்டும் தாடையின் அடியில் விரல் வைத்து எண்ணத் தொடங்கினேன்.