மீனோடு போன கேள்வி

தருவைகுளத்தில் ஒரு விசைப்படகு, நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிற தங்கு கடலுக்குப் புறப்படுகிறது என்றால், கரையில் அதற்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டு வேலை நடக்கும். டீசல் வர வேண்டும். குடிதண்ணீர் பிடிக்க வேண்டும். அரிசி, மளிகை, காஸ் சிலிண்டர் ஏற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஐஸ் கம்பெனிக்குப் போன் போக வேண்டும். ஐஸ் இல்லாத படகு கடலுக்குப் போய்ப் பயனில்லை. பிடித்த மீன் கரை வருவதற்குள் கெட்டுப் போகும்.

வளன் அண்ணனின் படகுக்கு இத்தனையையும் நின்று நடத்துகிறவர் அவருடைய மனைவி ஈவாஞ்சலின். எந்த வண்டி முதலில் வரும், எது அடியில் போகும், எது மேலே நிற்கும் என்பதெல்லாம் அவருடைய தலைக்குள் வரிசையாக இருக்கும். அப்படிப்பட்டவர் ஒரு தேர்வில் வரிசைக் கேள்விகளிலேயே தோற்றார் என்று சொன்னால் அவருடைய ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

அவரை நான் முதலில் பார்த்தது தூத்துக்குடியில், கோயில் மண்டபத்தின் மாடியில். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்த பிறகு அங்கே எங்களைப் போன்ற நாலைந்து பேர் கூடிப் போட்டித் தேர்வுக்குப் படிப்போம். வாத்தியார் என்று யாரும் கிடையாது. ஆளுக்கொரு கைடு, ஒரு கரும்பலகை, கீழே டீக்கடை. எனக்குக் கயத்தாறு பக்கம் ஒரு பனங்காட்டு ஊர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பி.எஸ்சி. கணிதம் என்று வீட்டுச் சுவரில் பட்டம் வாங்கிய படம் மாட்டியிருக்கிறது. அங்கே வருகிறவர்களில் பலரும் அப்படித்தான், அவரவர் வீட்டின் முதல் பட்டதாரி. ஈவாஞ்சலின் அக்கா மட்டும் பட்டத்துக்கு வேறு வழியாக வந்தவர். பதினோராம் வகுப்போடு படிப்பு நின்றது. கல்யாணம் ஆனது. மகன் பிறந்தான். அவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு தனித்தேர்வராக பிளஸ் டூ எழுதினார். பிறகு தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. வரலாறு.

அந்த முறை நாங்கள் எல்லோரும் எழுதவிருந்தது ஒரு கூட்டுறவு நிறுவனத்தின் எழுத்தர் தேர்வு. எங்களுக்கு அடுத்த முறை என்று ஒன்று இருந்தது. அவருக்கு வயது வரம்பு அந்த ஆண்டோடு முடிகிறது. இதை விட்டால் பி.ஏ. பட்டம் பீரோவுக்குள் போய்விடும் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். சிரிப்பு முகத்தோடு நின்றுவிடும், கண்ணுக்குப் போகாது.

முந்தைய தேர்வில் அவர் கொஞ்ச மதிப்பெண்ணில் தவறவிட்டிருந்தார். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிப்பார்கள் என்ற பயத்தில், ‘சொற்களைப் பொருள்படும் வரிசையில் அமைக்க’ என்ற பகுதியையே தொடாமல் விட்டிருந்தார்.

“அகர வரிசைன்னா எனக்குப் பயமே கெடையாது தம்பி,” என்றார் ஒரு ஞாயிற்றுக்கிழமை. “அங்கன சண்டைக்கு எடமே இல்ல. மொத எழுத்து ஒன்னா இருந்தா ரெண்டாவது எழுத்தப் பாரு, அதுவும் ஒன்னா இருந்தா மூணாவதப் பாரு. முடிஞ்சுபோச்சு.”

எங்கள் கூட்டத்தில் வாய்க்காரன் லிங்கராஜ். அப்பாவின் பலசரக்குக் கடையில் பாதி நாள் நிற்பவன். அவன் உடனே கரும்பலகையில் எழுதினான்: கறி, கடல், களம், கரை, கலம். “எங்கக்கா, அடுக்குங்க பாப்போம்.”

“கடல், கரை, கலம், களம், கறி.” மூச்சு விடாமல் சொன்னார்.

“ரவும் றவும் அண்ணன் தம்பில்லா? கரைக்கு அடுத்தாப்புல கறி வரணும்.”

“ஏலே, அண்ணன் தம்பியா இருந்தா ஒரே வீட்டுலயா இருப்பாவ? ட, ண, த, ந, ப, ம, ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. ற கடைசித் தெருவுல குடியிருக்கான். நெடுங்கணக்கு படிக்காம எப்படிலே கடையில இருக்க?”

“கடையில எல்லாரும் கறி மசாலாதான்க்கா கேக்காவ. எந்த ற-ன்னு யாரும் கேக்கல.”

அன்றைக்கு என் கைடில் இருந்து அவர் பயந்த அந்தப் பொருள் வரிசைப் பகுதியை எடுத்தேன். முதலில் மனித வாழ்க்கை. ஓய்வு, பள்ளி, பிறப்பு, வேலை, திருமணம். அக்கா பிறப்பு, பள்ளி, வேலை, திருமணம், ஓய்வு என்று சரியாகவே அடுக்கினார்.

“உங்களுக்கு அப்படி நடக்கலயேக்கா,” என்றேன்.

“என் கதையவா கேக்கான்? பொதுவா ஒரு ஆளோட கதையக் கேக்கான். அது எனக்குத் தெரியாதா?”

அடுத்த கேள்வியில்தான் வண்டி நின்றது. மீன் (1), சமையல் (2), ஐஸ் (3), வலை (4), சந்தை (5). கைடு கொடுத்திருந்த நான்கு விடைகளில் இரண்டு பார்த்த உடனேயே அடிபட்டுப் போகும். மிச்சம் இரண்டு. ஒன்று, வலை, மீன், ஐஸ், சந்தை, சமையல். மற்றது, ஐஸ், வலை, மீன், சந்தை, சமையல்.

அக்கா யோசிக்கவேயில்லை. “ஐஸ்தான் மொதல்ல.”

கைடு வலை முதலில் என்றது. லிங்கராஜ் மேசையைத் தட்டிச் சிரித்தான். “மீன் பிடிக்கதுக்கு முன்னாலயே ஐஸ் வைப்பாவளாம்! காத்துக்கு ஐஸ் வைக்கேளாக்கா?”

“நீ என்னைக்குலே படகு ஏறியிருக்க? ஐஸ் ஏத்தாம ஒரு படகு நங்கூரம் எடுத்திருக்கா, கேட்டுட்டு வா. இந்தக் கைடு போட்டவன் கடலையே பாத்திருக்க மாட்டான்.” புத்தகத்தை மூடினார். “இதுக்குத்தான் நான் இந்தப் பகுதியத் தொடுறதே இல்ல. இவனுக்கு எது சரின்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அவர் சொன்னதில் பொய் இல்லை. கைடு சொன்னதும் தப்பாகத் தெரியவில்லை. நான் சமாதானத்துக்காக, தேர்வு வைப்பவர் மனதில் என்ன இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள் என்றேன். நான் சொன்னது எனக்கே உப்புச் சப்பில்லாமல் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்ததும் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். “தம்பி, உங்க ஊரு பனங்காடுதான? கருப்பட்டி, சுண்ணாம்பு, பதநீர், பாளை. அடுக்கு.”

இது ஒரு கேள்வியா என்று நினைத்தேன். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவாமல் யாரும் பனை ஏறமாட்டார்கள். தடவாவிட்டால் கலயத்தில் இறங்குவது பதநீராக இருக்காது, கள்ளாகிவிடும். “சுண்ணாம்பு, பாளை, பதநீர், கருப்பட்டி,” என்றேன்.

அக்கா கை தட்டிச் சிரித்தார். இந்த முறை கண்ணும் சிரித்தது. “மாட்டுனியா! நீயும் ஐஸ் ஏத்திட்டுத்தான் போற.”

“அப்போ என்னதான்க்கா சரி?” என்றான் லிங்கராஜ்.

“வியாழக்கிழமை படகுக்கு ஐஸ் ஏத்தும்போதுதான் தோணுச்சு. நான் எப்பவும் படகோட கூடயே நடக்கேன். படகுக்கு ஐஸ்தான் மொதல்ல. அதுல தப்பில்ல. ஆனா கேள்வியில படகுன்னு ஒரு சொல்லே இல்லலா? அதுல இருக்கது மீன். கேள்வி மீனோட கூட நடக்கு. மீனு மொதல்ல பாக்கது வலையை. வலையில மாட்டி மேல வந்த பெறவுதான் ஐஸப் பாக்கு. அதே மாதிரி நீ பனையேறிகூட ஏறிட்ட. பாளையில இருந்து சொட்டுதுல்லா, அதுகூட எறங்கணும். பாளையில இருந்து விழுந்த பெறவுதான் அது கலயத்துச் சுண்ணாம்பத் தொடும். அதுக்குப் பெறவுதான் பதநீர்னு பேரு, காய்ச்சினா கருப்பட்டி.”

அக்கா கரும்பலகைக்குப் போய் விட்டுப்போன கேள்வியை மறுபடி எழுதினார்.

“இன்னொன்னும் பாருங்க. ஒவ்வொரு சொல்லும் பக்கத்துச் சொல்லுக்கு ஒரு வேலை செய்யணும். ஐஸ மொதல்ல வச்சா அடுத்து வலை நிக்கு. ஐஸு வலையை என்ன செய்யும்? ஒன்னும் செய்யாது. சும்மா நிக்கும். மீனுக்கு அடுத்து வச்சாத்தான் அதுக்கு வேலை கெடைக்கு.”

லிங்கராஜ் கும்பிட்டான். “கைடு போட்டவன் கடல் பாத்தவனோ இல்லையோ, எங்கக்கா கைடப் பாத்துட்டாவ.”

அதன் பிறகு எங்கள் மண்டபத்தில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. யாராவது வரிசைக் கேள்வியில் தடுமாறினால், “ஏலே, யாருகூட நடக்க?” என்று மற்றவர்கள் கேட்பார்கள். பஞ்சு, நூல், துணி, தையல்காரர், சட்டை என்றால் பஞ்சுகூட. நாற்று, கதிர், நெல், அரிசி என்றால் பயிர்கூட. அக்காவே கேள்விகள் எழுதிக்கொண்டு வரத் தொடங்கினார். படகு கரைக்கு வரும் நாட்களில் வரமாட்டார். அடுத்த வாரம் இரண்டு பங்கு எழுதிக்கொண்டு வருவார்.

தேர்வன்று எங்களுக்கு வேறு வேறு மையங்கள். முடிந்ததும் பழைய பேருந்து நிலையத்தில் சந்தித்தோம். அக்காவின் முகத்தில் இருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை.

“வரிசைப் பகுதியத் தொட்டீங்களாக்கா?” என்றேன்.

“எல்லாத்தையும் தொட்டேன். ஒன்னுலதான் பேனா நின்னுபோச்சு. காய்ச்சல், மருந்துக் கடை, மருத்துவர், மருந்துச் சீட்டு, குணம். நம்ம வீட்டுல காய்ச்சல்னா மொதல்ல எங்க போவோம்? மருந்துக் கடைக்குத்தான! ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுப் பாத்து, கேக்கலன்னாத்தான் டாக்டரு. அப்படியே ஒரு விடையும் குடுத்திருந்தான், பாவி.”

“அதையா போட்டீங்க?” லிங்கராஜ் அவசரமாகக் கேட்டான்.

“போடத்தான் கை போச்சு. விட்டுரலாமான்னும் நெனச்சேன். போன தடவை விட்டதுதான ஞாபகம். அப்புறம் காய்ச்சக்காரன்கூட நடந்து பாத்தேன். கடைக்கு மொதல்லயே போயிட்டான். அப்புறம் டாக்டரு சீட்டு எழுதிக் குடுக்காரு. அதுக்கு அடுத்து குணம்னு இருக்கு. கடைக்கே போகாம, சீட்ட மடிச்சுப் பையில வச்சா எப்படிலே குணமாகும்? அங்கன சீட்டுக்கு வேலையே இல்ல. அப்போ காய்ச்சல், மருத்துவர், சீட்டு, கடை, குணம். போட்டுட்டேன்.”

லிங்கராஜ் பெருமூச்சு விட்டான். பிறகு மெதுவாக, “நான் மத்ததப் போட்டுட்டேன்க்கா,” என்றான். எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவனும் சிரித்துவிட்டான்.

தேர்ச்சிப் பட்டியல் வந்தபோது அக்காவின் எண் அதில் இருந்தது. என் எண் அந்த முறை இல்லை. லிங்கராஜின் எண்ணும் இல்லை. எங்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. மண்டபத்தின் கீழே டீக்கடையில் அக்கா எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். “அடுத்த தடவ நீங்க. அதுவரைக்கும் ஞாயித்துக்கெழம நான் வருவேன், பயப்படாதிய,” என்றார். சொன்னபடி வரவும் செய்தார். அதற்கடுத்த தேர்வில் எனக்குக் கிடைத்ததில் அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பங்கு உண்டு.

அவர் வேலையில் சேர்ந்தது தூத்துக்குடியிலேயே ஒரு கிளையில். முதல் நாள் காலையில் நானும் லிங்கராஜும் வாசல்வரை போயிருந்தோம். புதுச் சேலை, தோளில் பை, உள்ளே போகக் காலெடுத்து வைத்தபோது போன் அடித்தது. ஒலிபெருக்கியைப் போடாமலே வளன் அண்ணனின் குரல் எங்களுக்குக் கேட்டது. அன்று மதியம் படகு இறங்க வேண்டும். முதல் முறையாகக் கரை வேலையெல்லாம் அவர் தலையில்.

“ஏளா, டீசல் வந்துட்டு, தண்ணி வந்துட்டு, மளிகை வந்துட்டு. வேற என்னத்தளா விட்டேன்? ஆளுவ என்னையப் பாத்துச் சிரிக்கானுவ.”

அக்கா எங்களைப் பார்த்தார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

“ஐஸுக்குச் சொன்னீங்களா?”

“ஐயோ, ஐஸ மறந்தே போயிட்டேம்ளா!”

“நல்லாக் கேட்டுக்கோங்க. நேத்து வரைக்கும் நான் மீன்கூட நடந்து நடந்து பாஸ் பண்ணிட்டேன். நீங்க படகுகூட நில்லுங்க. அங்கன ஐஸ்தான் மொதல்ல. கம்பெனிக்கு இப்பவே போன் போடுங்க, மதியத்துக்குள்ள வண்டி வந்துரும்.”

போனைப் பைக்குள் போட்டார். சேலை மடிப்பை ஒருமுறை சரிசெய்துகொண்டு, வருகைப் பதிவு எங்கே என்று காவலாளியிடம் கேட்டுக்கொண்டே உள்ளே போனார்.