இரண்டு வரிகள், அவற்றின் கீழ் ஒரு பெயர்

என் வரியை ஒருவன் திருடியிருக்கிறான். தோட்டப் பள்ளி முன்னாள் மாணவர்களின் ஒன்றுகூடல் மலரில், அட்டையின் உள்பக்கம், என் வரி. கீழே அவன் பெயர். விருந்தில் அவனுக்கு மாலையும் போட்டார்கள். நான் பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டிய அவசியமும் இல்லை.

அதனால்தான் என் புத்தகத்தில் மூன்றாம் அத்தியாயத்தின் தலைப்புக்குக் கீழே இன்னொருவரின் கவிதை வரிகளை வைத்தபோது, எதையும் விடாமல் எழுதினேன். அன்புச் சகோதரி, கவிஞர், அவர் பெயர், தொகுப்பின் பெயர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண், அனுமதிக்கு நெஞ்சார்ந்த நன்றி. நம் ஊர் மேடைகளில் நிகழ்ச்சியைவிட நன்றியுரைதானே நீளம்.

கவிதை வெறும் இரண்டு வரிதான். கம்பெனி பஸ்ஸில் தூங்கும் பெண்களைப் பற்றியது. அவர்கள் வீட்டு வாசலில் இறங்குகிறார்கள், அவர்களுடைய கனவுகள் மட்டும் வேறு வேறு நிறுத்தங்களில் இறங்கிக்கொள்கின்றன. அதைப் படித்த பிறகுதான் எனக்கு அந்த அத்தியாயமே எழுத வந்தது. அந்த வரிகள் இல்லையென்றால் அத்தியாயத்தைக் கிழித்துப் போடலாம்.

சுங்கைப் பட்டாணியில் பக்கங்களை வடிவமைக்கும் பெண் திரையைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னாண்ணே இது? ரெண்டு வரிக்கு ஏழு வரி ஜாகாவா?"

"காவல் இருந்தாத்தான் களவு போகாது."

"படிக்கிறவன் உள்ள வர வேணாமா? கேட்லயே ஐசி கார்டு கேக்குறீங்க."

நான் கத்தினேன். அவள் அசரவில்லை. மறுநாள் மெர்போக்கிலுள்ள என் வீட்டுக்கே வேறொரு தாளை அனுப்பியிருந்தாள். இரண்டு வரிகள் மட்டும். பெயரைக்கூட எடுத்து, எல்லாவற்றையும் புத்தகத்தின் கடைசியில் குறிப்பாகத் தள்ளியிருந்தாள். பக்கம் அழகாகத்தான் இருந்தது. மலர் அட்டையும் அப்படித்தான் அழகாக இருந்தது. போன் போட்டு, இது திருட்டு என்றேன். "அப்ப அந்த அக்காகிட்டயே கேளுங்கண்ணே," என்று வைத்துவிட்டாள்.

கேட்டுத்தான் ஆக வேண்டும். அச்சுக்குப் போகுமுன் பக்கத்தைக் காட்ட வேண்டும், பிடிக்காவிட்டால் வரிகளைத் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்றுதான் கவிஞர் அக்கா அனுமதியே கொடுத்திருந்தார்.

கூலிமில் அக்கா வேலை பார்க்கும் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடியும் நேரம். பனி இறங்கி, தொழிற்சாலைகளுக்குச் சுவரே இல்லாததுபோல் இருந்தது. விளக்குகள் மட்டும் காற்றில் நின்றன. பெண்கள் அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். சத்தமே இல்லை. நானும் தூங்கிக்கொண்டே நிற்கிறேனோ என்று தோன்றியது. அக்கா கழுத்து அட்டையைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

"கொண்டாய்யா. பஸ் கெளம்பிரும்."

முதலில் என் தாளைக் கொடுத்தேன். படித்தார். பிறகு தன் உள்ளங்கையால் அந்த ஏழு வரிகளையும் மூடினார்.

"இப்பத்தான் என் பஸ் கண்ணுக்குத் தெரியுது. நீ முன்னால லாரிய நிறுத்தி வெச்சிருந்த."

எனக்குச் சுருக்கென்றது. வடிவமைக்கும் பெண் அனுப்பிய தாளை நீட்டினேன்.

"இது யார் எழுதுனது?"

"உங்களோடதுதான் அக்கா. பேரு பின்னால இருக்கு."

"பின்னால யாருய்யா போய்ப் பாப்பாங்க? சுடுகாட்டுக்குப் போறதுக்கே ஆளக் காணோம்." பேனாவைப் பிடுங்கி, வரிகளுக்குக் கீழே, வலது ஓரத்தில், ஒரு சிறு கோடு போட்டுத் தன் பெயரை எழுதினார். "இது போதும். இதுக்கு மேல ஒரு எழுத்து வெச்ச, வரிய எடுத்துருவேன் லா."

"புஸ்தகம், பக்கம் எல்லாம்?"

"தேடுறவனுக்குப் பின்னால வை."

"அன்புச் சகோதரி?"

"அத நேர்ல கூப்புடு."

பஸ் கதவு மூடியது. ஜன்னலோர இருக்கையில் சாய்ந்த கணமே அவர் கண்கள் மூடிக்கொண்டன.

தாளைப் படம் எடுத்துச் சுங்கைப் பட்டாணிக்கு அனுப்பினேன். அந்தப் பெண் விழித்துத்தான் இருந்தாள். "பொலே, செஞ்சிரலாம். வரிமேல அடிக்குறிப்பு எண் போட மாட்டேன். பின்னால 'அத்தியாயம் மூன்று'ன்னு போட்டுத் தொகுப்பு விவரம் வரும். அனுமதி, பதிப்புரிமைப் பக்கத்துல. சண்டைக்கு வேற ஏதாச்சும் இருக்காண்ணே?"

இல்லை என்று பதில் போட எனக்கு மனம் வரவில்லை. போனைப் பையில் போட்டேன். பஸ் பனிக்குள் போய்க்கொண்டிருந்தது. கையில் தாள். இரண்டு வரிகள், ஒரு பெயர், அதற்குக் கீழே முழுக்க வெள்ளை. பஸ் போன திசைக்கும் அந்த வெள்ளைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. யாரோ ஒருத்தியின் கனவு அங்கே இறங்கி நடந்துகொண்டிருக்கும். அது யாருடையது என்று அந்த வெள்ளைக்கு மேலேயே எழுதியிருக்கிறது.