பலகையில் ஏறாத 317

முப்பிடாதியின் வாயிலிருந்து ‘ஒன்று’ என்ற சொல் வந்து அவர் மனைவி சண்முகவடிவுகூடக் கேட்டதில்லை. தூத்துக்குடி உப்பளத்தில் வருஷக்கணக்காக உப்பு அளந்த மனுஷர். அளக்கிறவர்கள் முதல் அளவை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள். அப்புறந்தான் ரெண்டு, மூணு. மற்றவர்கள் அந்த வழக்கத்தை அளத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் அதையும் தலையில் கட்டிக்கொண்டு போவார். தட்டில் விழும் தோசைக்கும் லாபம், ரெண்டுதான். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால், விரலை மடக்கி மூத்தவனை லாபம் என்றே ஆரம்பிப்பார்.

ஆனால் அளவில் சுத்தம். முப்பிடாதி அளந்ததை மறுபடி அளக்க வேண்டாம் என்று கடற்கரையில் ஒரு பேச்சு இருந்தது. அவர் சேர்த்து வைத்த சொத்து அது ஒன்றுதான். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே.

யுத்தம் வந்து உப்பு ஏற்றும் கப்பல்கள் குறைந்ததும், தாணுலிங்கம் அண்ணாச்சியின் கடையில் சீமெண்ணெய் அளக்கப் போனார். சீமெண்ணெய்க்குக் கட்டுப்பாடு வந்திருந்த நேரம். கார்டுக்கு வாரம் ஒரு புட்டி. அந்தக் கடைக்கு ஒதுக்கிய கார்டுகள் 317 முதல் 364 வரை. கூட்டம் முட்டி மோதாமலிருக்க, ஒற்றைப்படை எண்களுக்குச் செவ்வாய், இரட்டைப்படைக்கு வெள்ளி என்று பிரித்திருந்தார்கள். ஒரு தகரத்தில் இருபத்துநாலு புட்டி எண்ணெய் இருக்கும், ஒரு நாளைக்கு ஒரு தகரம் கச்சிதமாகப் போய்விடும். அன்றைக்கு யார் யாருக்கு உண்டு என்பதை வாசல் பலகையில் எழுதிவைக்க வேண்டும். பலகையில் இல்லாதவர் வரிசையில் நிற்கக்கூடாது.

முதல் செவ்வாய்க்கிழமை காலையில் அண்ணாச்சி சாக்கட்டியும் கையுமாகப் பலகை முன்னால் உட்கார்ந்தார். முப்பிடாதி எண்களைச் சொல்லவேண்டும். 317 என்பதே ஒற்றைப்படை, ஆகவே அதிலிருந்தே ஆரம்பிக்கவேண்டும், பிறகு இரண்டிரண்டாகக் கூட்டிக்கொண்டே போகவேண்டும். மனசுக்குள் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வாய்தான் பழைய வாய்.

“லாபம்” என்றார். “முன்னூத்திப் பத்தொம்பது, முன்னூத்தி இருவத்தொண்ணு...”

முதல் சொல்லை மங்களமான தொடக்கம் என்று எடுத்துக்கொண்ட அண்ணாச்சி, பலகையின் உச்சியில் ‘லாபம்’ என்று சுழித்து எழுதி, அதன் கீழே 319 என்று ஆரம்பித்தார். 363 வந்ததும் முப்பிடாதி நிறுத்தினார். கடைசி எண் 364 அல்லவா, அதை எழுத வேண்டாமா என்று அண்ணாச்சி கேட்டார். அது ரெட்டை, வெள்ளிக்கிழமைக்காரர்கள் என்றார் முப்பிடாதி. வாலில் கோட்டை விடவில்லை என்று அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்.

மத்தியானத்துக்குள் பலகையில் இருந்த அத்தனை பேரும் வாங்கிப் போய்விட்டார்கள். தகரத்தின் அடியில் ஒரு புட்டி எண்ணெய் மிச்சம் கிடந்தது.

“ஏலே முப்பிடாதி,” என்றார் அண்ணாச்சி, குரலைத் தாழ்த்தாமலே. “எல்லாரும் வாங்கியாச்சி. எண்ண எப்படில மிஞ்சும்? அளவுல கை வச்சிட்டியோ?”

கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இந்தக் கேள்வியை இதுவரை யாரும் முப்பிடாதியிடம் கேட்டதில்லை. சாயங்காலத்துக்குள் இது கடற்கரை முழுக்கப் பரவிவிடும், அப்புறம் அவரை யார் அளக்கக் கூப்பிடுவார்கள்?

தன் கை குறைத்து அளந்திருக்காது என்பது மட்டும் அவருக்கு நிச்சயம். அப்படியென்றால் ஆள்தான் குறைய வேண்டும். 317-ம் சேர்த்து, 364-ம் சேர்த்து மொத்தம் நாற்பத்தெட்டு கார்டு. அதில் பாதி ஒற்றைப்படை, இருபத்துநாலு. வாசலுக்குப் போய்ப் பலகையில் விரல் வைத்து எண்ணினார். லாபம், ரெண்டு, மூணு என்று போய் இருபத்துமூன்றில் விரல் நின்றுவிட்டது. கீழே பார்த்தார், 363 இருந்தது. மேலே பார்த்தார், 319 இருந்தது. அதற்கும் மேலே சுழியும் நெளிவுமாக ‘லாபம்’ இருந்தது.

“அண்ணாச்சி,” என்றார். “அந்த லாபந்தான் முன்னூத்திப் பதினேழு.”

அண்ணாச்சிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கேட்டது தப்புதான் என்று அந்த இரண்டு பேர் காதிலும் விழும்படி சொன்னார். முப்பிடாதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

317 தையல்காரி ஹில்டாவின் கார்டு. மறுநாள் காலை மாதா கோவிலில் நடக்கிற கல்யாணத்துக்கு மாப்பிள்ளையின் கோட்டை அவள்தான் தைத்துக்கொண்டிருந்தாள். முப்பிடாதி புட்டியோடு போனபோது, பொழுது சாய்வதற்குள் முடிக்கவேண்டுமே என்று வாசல் வெளிச்சத்தில் குனிந்து பட்டன் துவாரம் கட்டிக்கொண்டிருந்தாள். கோட்டின் கை ஒன்று இன்னும் ஒட்டாமல் மடியில் கிடந்தது.

“பலகைல எம் நம்பரு இல்லண்ணே. கேட்டா வரிசைல நிக்கவங்க ஏசுவாங்கன்னு திரும்பி வந்துட்டேன்” என்றாள்.

முப்பிடாதிக்கு வெட்கமாகப் போயிற்று. நடந்ததைச் சொல்லி, அவளுடைய விளக்கிலேயே எண்ணெயை ஊற்றினார். நாக்கு நுனிவரை வந்த சொல்லை விழுங்கிவிட்டு, “முன்னூத்திப் பதினேழு” என்றார்.

அடுத்த செவ்வாயும் அண்ணாச்சி உச்சியில் லாபம் என்றுதான் எழுதினார், அதை விட்டுவிட அவருக்கு மனசில்லை. அதன் கீழே 317 இருந்தது. முப்பிடாதி தலையையும் வாலையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தகரத்தைத் திறந்தார். வரிசையில் முதலாவதாக ஹில்டா நின்றாள். அவர் வாயை இறுக மூடிக்கொண்டு புட்டியை வாங்கினார்.

“லாபம்” என்றாள் ஹில்டா.