தேவயானி அனுப்பிய ஒரு ரூபாய்

திண்டிவனத்து எண்ணெய் மில்லில் நான் கூட்டிப் பெருக்கி, டீ வாங்கிக் கொடுத்த காலத்தில் அங்கே கணக்கு பார்த்தவள் தேவயானி. தொண்ணூற்று மூன்றில் பில் எழுத வந்தாள். தினமும் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில்தான் வருவாள். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, வெற்றிவேல் வந்தான். அவன் தட்டுவான், இவள் பார்த்துச் சரி என்றால்தான் பேங்கில் பணம் போகும். கணக்குப் பிரிவு என்றால் அந்த இரண்டு பேர்தான். எனக்குப் படிப்பு இல்லை. பார்த்ததைச் சொல்கிறேன், அப்படியே எழுதிக்கொள்.

இரண்டாயிரத்துப் பதினாலில், வேளாங்கண்ணிக்கு ஜனங்கள் நடக்கிற மாதம். எங்களுக்குச் சாக்கு போடும் விழுப்புரம் தேவசகாயத்துக்கு நாலு லட்சத்து இருபதாயிரம் தர வேண்டியிருந்தது. அவர் பேரில் மெயிலில் ஒரு லெட்டர் வந்தது. பழைய பேங்க் கணக்கை மூடிவிட்டோம், இனிப் புதுக் கணக்கில் போடுங்கள் என்று. கூடவே குறுக்கே கோடு போட்ட செக்கின் படம். அடியில் ஒரு போன் நம்பர்.

வெற்றிவேல் அந்த நம்பருக்குப் பேசினான். "தேவசகாயம் கடை மேனேஜர்தாங்க பேசறேன்" என்றது ஒரு குரல். "திங்கக்கிழமைக்குள்ள பணம் வரலன்னா சாக்கு லோடு வராது."

மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, கட்டச் சாக்கில்லாமல் மலையாய்க் குவிந்து கிடந்த நேரம். முதலாளி இளவழகன் ஓடிவந்தார்.

"போட்டுடும்மா. இல்ல, சந்தேகம்னா ஒரு ரூபா அனுப்பிப் பாரு."

ஒரு ரூபாய் அனுப்ப பேங்குக்கு ரெண்டரை ரூபாய் கூலியாம். கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. அனுப்பினார்கள். ஒரு மணி நேரத்தில் அதே குரல், "வந்துடுச்சுங்க" என்றது.

"அப்புறம் என்ன? வந்துடுச்சுன்னு அவரே சொல்றாரு இல்ல" என்றேன் நான்.

"யாரு ஆயா அவரு?" என்றாள் தேவயானி. "லெட்டர் எழுதினவனே நம்பரும் எழுதியிருக்கான். அவன்கிட்டயே போன் பண்ணி நீ திருடனான்னு கேட்டா ஆமான்னு சொல்வானா?"

"செக்குல தேவசகாயம் பேருதானே இருக்குதாம்?"

"பேர யாரு வேணா அச்சடிக்கலாம். பேங்க்ல நம்பரப் பாத்துதான் போடறாங்க, பேரப் பாக்கறதில்ல."

பேரைப் பார்க்காத பேங்க்கா? நான் நம்பவில்லை. இவள் ஏதோ சாக்குப்போக்கு சொல்கிறாள் என்றே நினைத்தேன்.

அவள் பழைய பில் கட்டை எடுத்து, அதில் அச்சடித்திருந்த நம்பருக்கு போன் போட்டாள். எடுத்தது தேவசகாயத்தின் சம்சாரம் ஆரோக்கியசெல்வி.

"அவரு கோயிலுக்கு நடந்துக்கினு இருக்காரும்மா. வேண்டுதல், போன வூட்லயே வச்சிட்டாரு. பேங்க் மாத்துனாரான்னா எனக்கெங்க தெரியும்? ரெண்டு மாசமா அந்தப் பேங்க்காரனோட சண்ட போட்டுக்கினு இருந்தாரு, மாத்தியிருந்தாலும் மாத்தியிருப்பாரு. யார் போன்லயாவது பேசுவாரு, சொல்லி வைக்கறேன்."

இப்போது எல்லாருக்கும் குழப்பம். தேவயானிக்கும்தான், முகத்தில் தெரிந்தது. ஆனாலும் சரி என்று சொல்லவில்லை.

"அவரே பேசட்டுங்க. அதுவரைக்கும் எந்தக் கணக்குலயும் போட வேணாம்."

"திங்கக்கிழம சாக்கு வரலன்னா நீயும் வர வேணாம்" என்றார் முதலாளி.

மறுநாள் சனிக்கிழமை முழுக்க அந்த மேனேஜர் குரல் நாலு தடவை கேட்டது. தேவயானி சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லை. "ஜல்தியா அனுப்பிட்டு நிம்மதியா இரேன்டி" என்று நானே இரண்டு முறை சொன்னேன்.

திங்கள் காலை சாக்கு லாரி வந்து நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லையே என்றான் டிரைவர். வராது என்றது ஒரு குரல், வந்து நிற்கிறது லாரி. முதலாளி லாரியையும் பார்த்தார், அவளையும் பார்த்தார்.

பதினோரு மணிக்கு ஏதோ ஒரு நம்பரிலிருந்து தேவசகாயம் கூப்பிட்டார். அப்போதும் அவள் விடவில்லை.

"போன லோடுல எத்தன சாக்கு கொறஞ்சுதுங்க?"

"பதினேழு. அதுக்கு அந்தக் கத்து கத்தனியே, மறந்துட்டியா? கால் கொப்புளத்தோட நிக்கறேன், பரீட்ச வைக்கற. நான் எந்தக் கணக்கயும் மாத்தலம்மா. மேனேஜர் வைக்கற அளவுக்கு எனக்கு ஏது கட?"

"ஒரு ரூபா வந்துச்சா?"

"ஒரு ரூபாவா? எதுக்கு?"

பணம் பழைய கணக்குக்கே போனது. அந்தப் புதுக் கணக்கு நம்பரோடு முதலாளி பேங்கிலும் போலீசிலும் எழுதிக் கொடுத்தார். எனக்குக் காசு கொடுத்து, "ஆயா, மூணு டீ. தேவயானிக்கு மொதல்ல" என்றார்.

மூன்றரை ரூபாயை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று வெற்றிவேல் கேட்டுக்கொண்டிருந்தான். இன்னும் எனக்கு ஒன்று விளங்கவில்லை. வந்துவிட்டது என்று சொன்னானே ஒருவன், அவன் பொய் சொல்லவில்லையே. ரூபாய் அவனுக்கு வந்துதானே இருந்தது. தேவயானியிடம் கேட்டதற்கு, "அதேதான் ஆயா. போய்ச் சேந்துச்சுன்னு தெரிஞ்சுது, யாருக்குன்னு தெரியல" என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை திறக்காத டப்பாவைத் திறந்தாள்.