ஞாயிற்றுக்கிழமை நண்டுகள்

பொன்னேரியில் ஒரு தொண்டு அமைப்பின் அலுவலகத்தில் நான் ஐந்து வருடம் கணினி வேலை பார்த்தேன். ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் போய்வருவேன். பழவேற்காடு ஏரியில் சினை நண்டு பிடிபட்டால் அதை விற்காமல் திரும்பத் தண்ணீரிலேயே விட வேண்டும் என்று மீனவப் பெண்களிடம் எடுத்துச் சொல்வதுதான் அந்த அமைப்பின் வேலை. சொன்னதோடு நிற்காமல், விட்ட நண்டுகளை எண்ணவும் ஆசைப்பட்டார்கள். அதற்கு ஒரு செயலி எழுதினேன்.

செயலியில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு நண்டை விட்டதும் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு அழுத்தல், ஒரு நண்டு. அந்தத் தகவல் எங்கள் சர்வருக்கு வந்து ஒரு வரியாகப் பதியும். எங்கள் தலைவர் வாரக்கடைசியில் வரிகளை எண்ணச் சொல்லி வரைபடம் கேட்பார்.

ஏரிக்குள் சிக்னல் வரும், போகும். அதனால் ஒரு தகவல் போய்ச் சேர்ந்ததற்குப் பதில் வராவிட்டால் செயலி அதைத் திரும்பத் திரும்ப அனுப்பும்படி எழுதியிருந்தேன். "ஒரு நண்டுகூடத் தொலையாது சார்" என்று தலைவரிடம் பெருமையடித்துக்கொண்டதும் நான்தான். அது பொய்யில்லை. ஒன்றுகூடத் தொலையவில்லை.

மூன்றாவது மாதம் ஏரிக்குள் இருக்கும் பசியாவரத்தின் கோடு மட்டும் வரைபடத்தில் நெட்டுக்குத்தாக ஏறியது. கரையோர ஊர்களெல்லாம் ஊர்ந்துகொண்டிருக்க, தீவு ஊர் பறந்தது. தலைவர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போனார்.

"பாத்தீங்களா? தீவுல இருக்கிறவங்களுக்குத்தான் ஏரி மேல உண்மையான அக்கறை" என்றார்.

அதற்கு ஒரு விளக்கமும் ஒரே நாளில் தயாராகிவிட்டது. போன மாதம் அங்கே ஒட்டிய சுவரொட்டிதான் காரணமாம். அந்தச் சுவரொட்டியை எழுதியவர் அவரேதான். அந்த மாதக் கடைசி வாரத்தைப் போட்டி வாரமாக அறிவித்தார். ஞாயிறில் தொடங்கி சனிக்கிழமையோடு முடியும். அதிக நண்டு விட்ட ஊருக்குக் கேடயம். வாரம் முடிந்த மறுநாள் நான் சும்மா எடுத்துக்கொடுத்த எண்ணிக்கையைப் பார்த்ததுமே, பசியாவரத்தின் பெயரையும் "முதலிடம்" என்ற வார்த்தையையும் பொறிக்கக் கொடுத்துவிட்டார்.

கேடயம் கொடுக்கும் விழாவில் காட்டப் படம் எடுக்க என்னைப் பசியாவரத்துக்கு அனுப்பினார்கள். பழவேற்காட்டிலிருந்து படகில் போனேன். அங்கே பெண்கள் குழுவுக்குத் தலைவியாக ஒரு அக்கா இருந்தார். குழுவின் போன் அவரிடம்தான். இடுப்பில் பறிக்கூடை கட்டிக்கொண்டு, தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்தபடி கையாலேயே இறால் தடவிப் பிடிப்பவர். நண்டு கிழித்த தழும்பு விரல் முழுக்க.

"அக்கா, ஞாயித்துக்கிழமையில மட்டும் எப்படி அவ்ளோ நண்டு கெடைக்குது?" என்று கேட்டேன். எங்கள் பதிவில் அவர்கள் விட்ட நண்டில் பாதிக்கு மேல் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் இருந்தது; பாராட்டாகத்தான் கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா சொல்ற? ஞாயித்துக்கிழம நாங்க ஏரியிலயே எறங்க மாட்டோமே. பாதிப் பேரு கோயிலு, மீதிப் பேரு சந்த. ஊரு கட்டுப்பாடு அது."

"இல்லக்கா, எங்க கணக்குல..."

"உன் கணக்குல நாங்க எறங்குனோமா?"

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அக்கா உள்ளே போய் ஒரு தினசரிக் காலண்டரை எடுத்துவந்தார். கிழித்த தாள்களைத் தூக்கிப் போடாமல் கம்பியில் குத்தி வைத்திருந்தார். விட்ட நண்டு ஒவ்வொன்றுக்கும் பேனாவால் ஒரு கோடு. "போனு போயிட்டா இன்னா பண்றதுன்னு போட்டு வெச்சேன்" என்றார். போட்டி வாரத்து வியாழக்கிழமைத் தாளில் ஒன்பது கோடு. ஞாயிற்றுக்கிழமைத் தாள் வெறுமையாக இருந்தது.

பொத்தானை அழுத்தும்போது என்ன நடக்கிறது என்று காட்டச் சொன்னேன். அன்று காலை விட்ட நண்டு ஒன்றை அவர் இன்னும் பதியவில்லை. பொத்தானை அழுத்தினார். திரையில் சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. "மீண்டும் முயல்கிறது" என்று நான் ஆசையாக எழுதிவைத்த வாசகம் வந்தது. அக்கா உடனே நெட்டை அணைத்துவிட்டார்.

"ஏன்க்கா அணைக்கிறீங்க?"

"ஒரு மாசமா சிக்னலு மோசம். சும்மா சுத்திக்கினே கெடந்தா சார்ஜு போவுதும்மா. ஞாயித்துக்கிழம சந்தைக்குப் போவும்போது போட்டு வுடுவேன். கடகடன்னு போயிடும்."

அவர் அழுத்திய நேரத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த படகைப் பிடித்தேன்.

திரும்பி வந்ததும் சர்வரைத் திறந்து பார்த்தேன். அக்கா அழுத்திய நண்டு ஏற்கெனவே அங்கே பதிந்திருந்தது. அழுத்தின நிமிடத்திலேயே வந்துவிட்டது. "கிடைத்தது" என்று சர்வர் சொன்ன பதில்தான் தண்ணீரைத் தாண்டிப் போன் வரை போய்ச் சேரவில்லை. பதில் வராத போன், தகவலே போகவில்லை என்று நினைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மறுபடி அனுப்பும். சர்வர் அதையும் புது நண்டாக இன்னொரு வரியில் எழுதிக்கொள்ளும். சில நண்டுகள் மூன்று வரியாகக்கூட இருந்தன. சிக்னல் எவ்வளவு மோசமோ அவ்வளவு அக்கறை என்பதுதான் தலைவரின் வரைபடம்.

ஒரே ஆறுதல், ஒவ்வொரு அழுத்தலுக்கும் போன் ஒரு நீளமான அடையாள எண்ணை உருவாக்கும்படி எழுதியிருந்தேன். அந்த எண் அழுத்தும்போது ஒரே ஒரு முறைதான் பிறக்கும். எத்தனை தடவை திரும்ப அனுப்பினாலும் அதே எண்தான் கூடவே வரும். ஆக, எண் ஒன்றாக இருந்தால் நண்டும் ஒன்று. இவ்வளவு யோசித்து எழுதியவள், எண்ணும்போது மட்டும் அந்தப் பக்கமே திரும்பாமல் வரிகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தலைவரிடம் போய்ச் சொன்னேன். சாய்ந்து உட்கார்ந்து கேட்டார்.

"ஒரே நண்டை ரெண்டு தடவை பிடிச்சு ரெண்டு தடவை விட்டிருக்கலாமில்ல?"

"அப்படின்னா அழுத்தலும் ரெண்டு சார். எண்ணும் வேற வேறயா இருக்கும்."

"விழா முடிஞ்சப்புறம் திருத்தினா என்ன?"

ஒரே எண் மூன்று வரியில் இருந்த தாளை அவர் முன் வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு அவராகவே, "சரி, திருத்து" என்றார்.

பக்கத்து மேசையில் வேலை பார்த்தவர் சுலபமான வழி ஒன்று சொன்னார். அதே ஊர், அதே ஒரு மணி நேரத்துக்குள் வந்த வரிகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாமாம். அப்படிச் செய்தால் வியாழக்கிழமையின் ஒன்பது நண்டும் ஒரே நண்டாகிவிடும். எல்லாப் பெண்களும் ஒன்றாகத்தான் இறங்குகிறார்கள், ஒன்றாகத்தான் ஏறுகிறார்கள். அக்காவும் அவர் நாத்தனாரும் அடுத்தடுத்து விட்ட இரண்டு நண்டுகள் பார்வைக்கு இரட்டைப் பதிவு மாதிரிதான் இருக்கும். அடையாள எண்தான் ஒரே வழி.

அடையாள எண் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி மட்டும் மிஞ்சும்படி வடிகட்டினேன். பசியாவரத்தின் மொத்தம் பாதிக்கும் கீழே இறங்கியது. நிம்மதியாகத் தாளைக் கொண்டுபோய்த் தலைவரிடம் கொடுத்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "போட்டி வாரத்துல மொத நாள் ஞாயிறைத் தவிர இவங்க ஒண்ணுமே விடலியா?"

பார்த்தேன். முதல் நாள் ஞாயிறில் நின்றவை முந்தின வார நண்டுகள்; திங்கள் முதல் சனி வரை பசியாவரம் கிட்டத்தட்டக் காலி. போட்டி வாரத்து நண்டெல்லாம் வாரம் முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமையில் குவிந்து கிடந்தது. ஒரே எண்ணுள்ள வரிகளில் கடைசியாக வந்ததை வைத்திருக்கிறேன். புதிதாக வந்ததுதானே சரியாக இருக்கும் என்ற பழக்கதோஷம். போன் கடிகாரங்களை நம்பாமல், தகவல் வந்து சேர்ந்த நேரத்தையே எங்கள் கணக்கில் தேதியாக வைத்திருந்தோம். அதனால் கடைசி வரியை வைத்தால் நண்டு சந்தை நாளுக்கு நகர்ந்துவிடும். ஒரு நாள் முன்பு இரட்டை நண்டு விட்ட ஊர், இப்போது ஞாயிறைத் தவிர ஒரு நாளும் நண்டு விடாத ஊராகிவிட்டது. நடுவில் அந்தப் பெண்கள் செய்தது என்னவோ ஒரே காரியம்தான்.

வரிசையைத் திருப்பி, ஒவ்வொரு எண்ணுக்கும் முதலில் வந்த வரியை மட்டும் வைத்தேன். வியாழக்கிழமை ஒன்பது. அக்காவின் காலண்டர் தாள்களைப் படம் பிடித்து வந்திருந்தேன், நாள் நாளாக ஒப்பிட்டேன். இரண்டு நண்டு மட்டும் வெள்ளிக்கிழமைக்குப் பதில் ஞாயிறில் நின்றன. அவற்றின் முதல் முயற்சியே சர்வர் வரை வரவில்லை. எங்களுக்கு வந்த முதல் தகவலே ஞாயிறுடையதுதான். அந்த இரண்டையும் தலைவரிடம் சொல்லி, காலண்டர் தாளைக் காட்டி, கையால் வெள்ளிக்குக் குறித்தோம். பழைய வரிகள் எதையும் அழிக்கவில்லை. எண்ணுவதை மட்டும் மாற்றினேன்.

சர்வரிலும் ஒரு திருத்தம் வேண்டியிருந்தது. ஏற்கெனவே உள்ள எண் திரும்ப வந்தால் புது வரி எழுதாதே, ஆனால் "கிடைத்தது" என்று மட்டும் பதில் சொல்லிவிடு என்று எழுதினேன். தப்பு என்று சொன்னால் போன் விடாது, திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும்.

சரியான கணக்கில் பசியாவரம் மூன்றாவது இடம். முதலிடம் டவருக்குப் பக்கத்திலிருந்த கரையோர ஊருக்குப் போனது. தலைவருக்கு அதில் சந்தோஷமே இல்லை. தீவு என்றால் பேசுவதற்கு நன்றாக இருந்திருக்கும். பொறித்த கேடயத்தை வீணாக்க மனமில்லாமல் "முதலிடம்" மேல் "சிறந்த பங்களிப்பு" என்று ஒரு ஸ்டிக்கரை ஒட்டி அக்காவிடமே கொடுத்தார்கள். கரையோர ஊருக்குப் புதிதாக ஒன்று செய்தார்கள்.

விழா முடிந்ததும் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்பதையும் சொன்னேன்.

"இப்போ எவ்ளோ வருது எங்க கணக்கு?"

சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "ஒண்ணு கொறையுதே."

போனில் இருந்த காலண்டர் படங்களை மறுபடி திறந்தேன்.

"ஆங்... அது ஒண்ணு என் கையக் கடிச்சிட்டு அதுவா ஓடிச்சு. நானா வுடலியேன்னு கோடும் போடல, பொத்தானும் அமுத்தல" என்றார். என் வாழ்க்கையில் அவ்வளவு நேர்மையான தரவுப் பதிவாளரை நான் பார்த்ததில்லை.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். வருட அறிக்கை எழுதும் நேரம் வந்தது. முந்தைய மாதங்களின் பழைய எண்கள் ஏற்கெனவே அச்சாகி எல்லோருக்கும் போயிருந்தன. எல்லா மாதத்தையும் திருத்தித் தலைவரிடம் கொடுத்திருந்தேன். அச்சானதை மாற்றினால் கேள்வி வரும் என்று அவர் பழைய மாதங்களை அப்படியே விட்டுவிட்டு, புது மாதங்களை மட்டும் சரியான கணக்கில் போட்டார். வரைபடத்தில் பசியாவரம் மலையிலிருந்து உருண்டு விழுந்தது.

நான் எதிர்த்துப் பேசினேன். "இது விழலை சார், எப்பவுமே இவ்ளோதான்." அடிக்குறிப்பாவது போடுங்கள் என்றேன். அடிக்குறிப்புக்கு இடமில்லை என்றார். வரைபடத்துக்குக் கீழே ஒரு வாக்கியத்துக்கு மட்டும் இடம் இருந்தது: தீவுப் பகுதியில் விழிப்புணர்வு குறைந்துவருகிறது.

குறைந்தால் சும்மா விட முடியுமா? பசியாவரத்தில் ஒரு நாள் விழிப்புணர்வு முகாம் போட்டார்கள். ஒலிபெருக்கி, எலுமிச்சை சாதம், புதுச் சுவரொட்டி. வருகைப்பதிவு எடுக்க நானும் போனேன். சினை நண்டை ஏன் தண்ணீரில் விட வேண்டும் என்று பொன்னேரியிலிருந்து வந்த ஒருவர் படம் போட்டு விளக்கினார். அக்கா காலையில் ஏரிக்குப் போய்வந்த ஈரப் புடவையோடு முதல் வரிசையில் உட்கார்ந்து, கடைசி வரைக்கும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.