நாற்காலியில் அமர்ந்த அண்ணி

எங்கள் பெரியப்பா மகனைக் கட்டிய அண்ணி, தையல் கடைக்கு மேலிருந்த கூடத்தில் இருபது வருஷம் யோகா சொல்லிக்கொடுத்தாள். வில்லாய் வளைவாள், தலைகீழாய் நிற்பாள். சுவர் முழுக்கக் கண்ணாடி. தன் வளைவைத் தானே பார்த்துப் பார்த்துப் பாதி வயசு போயிற்று அவளுக்கு.

படியில் வழுக்கி இடுப்பு முறிந்தது. இனித் தரையில் உட்காரவே கூடாது என்றார் டாக்டர். தொழில் போயிற்று என்று படுத்துக் கிடந்தவள், ஒரு காலத்தில் பரீட்சைக்காக மட்டும் மனப்பாடம் செய்த பழைய யோக சூத்திரங்களைப் புரட்டினாள். யோகமென்றால் மனதின் அலைகள் அடங்குவது என்றுதான் அதில் இருந்தது. எட்டு அங்கத்தில் ஆசனம் மூன்றாவது. அதற்கும் மூன்றே வரிதான்: அசையாமல், சுகமாக இருக்கிற இருக்கை. வில்லும் தலைகீழும் எவ்வளவோ காலம் கழித்து, வேறு வழியில் வந்தவை.

நாற்காலி போட்டுக் காலை வகுப்பைத் தொடங்கினாள். கண்ணாடிக்குத் திரை போட்டாள். இருக்கை நிலைத்தபின் மூச்சு: இழுப்பு, விடுப்பு, நடுவில் ஒரு நிறுத்தம். பிறகு கண்ணும் காதும் வெளியே ஓடாமல் உள்ளே திரும்பும். கீழே தையல் மெஷின் சத்தம் தூரத்து மழைபோலாகி, அப்புறம் அதுவும் இருக்காது. மனதை ஓரிடத்தில் கட்டுவது தாரணை. அது எண்ணெய் ஒழுகுவதுபோல் அறுபடாமல் ஓடினால் தியானம். நினைக்கிறவள் கரைந்து, நினைத்த பொருள் மட்டும் மிஞ்சினால் சமாதி.

கூடமும் கீழே கடை வைத்திருந்த தையல்காரருடையதுதான். புது நோட்டீஸ் அடிக்கப் படம் கேட்டார். நாற்காலிப் படத்தைப் பார்த்தவர், "பஸ்ஸுக்குக் காத்திருக்கற மாதிரி இருக்குக்கா. தலைகீழா நிக்கற பழைய படத்தையே போட்டுக்கலாம். நீங்கதானே அதுல?" என்றார். கூடம் நிறையாவிட்டால் காலை வகுப்பை வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டிவரும் என்றும் சொல்லிவைத்தார்.

அண்ணி சரியென்று தலையாட்டிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து ஒரு வாரம் அவளால் மனம் நிலைத்து உட்கார முடியவில்லை. மூச்சு நிற்கிற இடத்திலெல்லாம் அந்தப் படம் வந்து நின்றது. ஆசனத்துக்கு முன்னால் இரண்டு அங்கத்தை ஏன் வைத்தார்கள் என்று அப்போதுதான் உறைத்ததாம். துன்புறுத்தாமை, பொய்யாமை, திருடாமை, புலனடக்கம், சேர்த்துவைக்காமை என்று ஐந்தும் முதலாவது. தூய்மை, மனநிறைவு, தவம், ஓதுதல், ஈசனிடம் ஒப்படைத்தல் என்று ஐந்தும் இரண்டாவது. அவளுக்கு இடறியது பொய்யாமையில்.

கீழே இறங்கிப் போனாள்.

"அந்தப் படம் வேணாம் தம்பி. அதப் பார்த்துட்டு வர்றவங்களுக்கு நான் பொய் சொன்னதா ஆகும். மனசு கெடந்து அலையுது."

"அப்ப காலை வகுப்பு?"

"குடுத்துடு."

காலையில் இப்போது வேறொருத்தி முப்பது பேரை வளைக்கிறாள். மத்தியானம் ஒரு மணிநேரம் அண்ணிக்கு விட்டிருக்கிறார் தையல்காரர். நாங்கள் ஆறு பேர், ஆறு நாற்காலி. சமாதி இன்னும் யாருக்கும் வாய்க்கவில்லை. அண்ணிக்கும் இல்லை. கேட்கிறவர்களிடம் அவளே அப்படித்தான் சொல்கிறாள்.